வட்டி அசலாகும் நாள்

"ஆறு லட்சம்தானே சார் வாங்கினோம்? எட்டு லட்சத்துப் பத்தாயிரம்னு போட்டிருக்காங்களே!"

மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு கடிதத்தை மேசைமீது விரித்து வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துனர். மகன் பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் மூன்று விஷயங்கள்தான் இருந்தன. ஆகஸ்ட் மாதத்திலிருந்து தவணை தொடங்குகிறது. மொத்தக் கடன் ரூ.8,10,000. மாதத் தவணை ரூ.10,704, பத்து வருடங்களுக்கு.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவில் இப்படிக் கடிதத்தோடு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் எல்லோரும் ஒரே சந்தேகத்தோடுதான் வருவார்கள்: வங்கி ஏதோ கூடுதலாகப் போட்டுவிட்டது. இந்த அம்மாவின் கணக்கில் வங்கி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடவில்லை. ஆனால் கடன் வாங்கிய அன்று, "படிக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்மா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான். கட்ட வேண்டாம் என்பதற்கும் வட்டி ஓடாது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

'மாரடோரியம்' என்ற சொல் 2020இல் கொரோனா ஊரடங்கின்போதுதான் வீட்டுக்கு வீடு வந்தது. அப்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கடன் தவணைகளைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிவைத்தவர்கள் பிறகு கணக்கைப் பார்த்து அதிர்ந்தார்கள், ஏனென்றால் அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்விக் கடனில் இந்த ஏற்பாடு அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. நான்கு வருடப் படிப்பு என்றால் ஐந்து வருடம். கொரோனா காலத்துக் கணக்கு ஆறு மாதம். இது அறுபது மாதம்.

அந்த அறுபது மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நோட்டில் போட்டுக் காட்டினேன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். நடுவில் அது ஏறி இறங்கும், அது பிறகு. நாள் கணக்கையும் தள்ளிவிட்டு மாதக் கணக்காகவே எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒன்று: ஆறு லட்சமும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒன்றரை லட்சம் போனது. எந்தப் பணம் போனதோ, போன நாளிலிருந்து அதற்கு மட்டும் வட்டி. முதல் வருடம் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 1,250 ரூபாய். இரண்டாம் வருடம் கணக்கில் மூன்று லட்சம் நிற்கிறது, மாதம் 2,500. மூன்றாம் வருடம் 3,750. நான்காம் வருடம் முழு ஆறு லட்சத்துக்கும் மாதம் 5,000. படிப்பு முடிந்து வேலை தேடும் ஐந்தாம் வருடமும் அதே 5,000.

வருடத்துக்கு வருடம் கூட்டிப் பாருங்கள்: 15,000, 30,000, 45,000, 60,000, 60,000. மொத்தம் 2,10,000 ரூபாய். இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது கடைசி 60,000. படிப்பு நடந்த நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் வட்டி. படிப்பு முடிந்த பிறகு வரும் அந்த ஒரே வருடத்துக்கு மட்டும் அறுபதாயிரம். 'ஒரு வருடம் சும்மா கிடைக்கிறது' என்று குடும்பங்கள் நினைக்கும் வருடம்தான் அறுபது மாதங்களில் அதிகம் செலவு வைக்கிற வருடம்.

அரியர் வைத்து, படிப்பை உரிய காலத்தில் முடிக்க முடியாத பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் வரை கூடுதல் அவகாசம் தர அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அவகாசம் கிடைத்தால் தவணை தள்ளிப்போகும். மாதம் 5,000 தள்ளிப்போகாது.

நோட்டில் இதுவரை எழுதியதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "அப்போ வட்டிக்கு வட்டி போடலையா?" என்றார். நல்ல கேள்வி. மாதிரித் திட்டப்படி, தவணை தொடங்கும் நாள்வரை தனிவட்டிதான் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே தனிவட்டி. ஐந்து வருடமாகச் சேரும் வட்டி, அசலுக்குப் பக்கத்தில் தனியாகக் குவிந்துகொண்டிருக்கும். அந்தக் குவியலுக்கு வட்டி கிடையாது. முதல் வருடம் சேர்ந்த பதினைந்தாயிரம் ஐந்தாம் வருடம் முடியும்போதும் பதினைந்தாயிரமாகவே இருக்கும்.

இந்த நிலைமை ஒரே நாளில் மாறுகிறது. தவணைக் காலம் தொடங்கும் அன்று குவியலாக நின்ற 2,10,000 ரூபாயை எடுத்து ஆறு லட்சத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து கணக்கில் அசல், வட்டி என்று இரண்டு இல்லை. 8,10,000 ரூபாய் அசல், அவ்வளவுதான். நேற்றுவரை அந்த 2,10,000க்கு வட்டி பூஜ்யம். இன்றிலிருந்து நாளொன்றுக்கு 57 ரூபாய் 53 காசு.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் கட்டாத வட்டியை ஒப்பந்தப்படி அசலோடு சேர்த்துவிட்டால், அது அப்புறம் வட்டியாக இல்லாமல் அசலின் தன்மையை அடைந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2001இல் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே, 'நான் வாங்கின ஆறு லட்சத்துக்கு மட்டும்தான் வட்டி கட்டுவேன்' என்று அந்த நாளுக்குப் பிறகு வாதாடிப் பயனில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்த நாளுக்கு முன்னால்தான்.

சேர்ந்த பிறகு அந்த 2,10,000 என்ன செய்கிறது? ஆறு லட்சம் மட்டும் அசலாக இருந்திருந்தால் பத்து வருடத்துக்கு மாதத் தவணை 7,929 ரூபாய் வந்திருக்கும். 8,10,000க்கு 10,704. வித்தியாசம் 2,775. நூற்று இருபது மாதத்துக்குப் பெருக்கினால் 3,33,000. அதாவது இரண்டு லட்சத்துப் பத்தாயிரமாக உள்ளே போனது மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரமாக வெளியே வருகிறது. தவணை குறைவாக இருக்கட்டும் என்று பதினைந்து வருடத்துக்கு நீட்டினால் அதே தொகைக்கு நாலு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த அம்மாவை வாயடைக்க வைத்தது இந்தப் பெருக்கல் கணக்கு அல்ல. முதல் தவணையான 10,704இல் 6,750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,954. முதல் வருடம் முழுக்கக் கட்டும் தொகை 1,28,448. வருட முடிவில் கடன் குறைந்திருப்பது ஐம்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இப்படியே போனால் பாக்கித் தொகை ஆறு லட்சத்துக்குக் கீழே இறங்குவது எப்போது என்று பார்த்தோம். நாற்பத்தைந்தாவது தவணையில். கல்லூரிக்குப் போன பணம் எவ்வளவோ அந்த இடத்துக்குத் திரும்பி வரவே மூன்றே முக்கால் வருடம் ஆகிறது. அதற்குள் கையிலிருந்து போயிருப்பது நாலே முக்கால் லட்சத்துக்கு மேல்.

"நாலு வருஷம் கட்டியும் வாங்கினது அப்படியே நிக்கும்னு சொல்றீங்க" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதுவரை சொன்னது வங்கி ஒழுங்காகத் தனிவட்டி போட்டிருந்தால். போட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை முதல் நாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் நான்கு வரி பார்த்தால் போதாது. முழு ஸ்டேட்மென்ட் வேண்டும். அதில் 'பாக்கி' என்ற கடைசிப் பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல கணக்குகளில் வட்டியை மாதாமாதம் பற்று எழுதுவதால் அந்தப் பத்தி ஏறிக்கொண்டேதான் போகும், தனிவட்டியாக இருந்தாலும். பார்க்க வேண்டியது வட்டி என்று பற்று எழுதிய தொகையை மட்டும்.

அதிலும் 31 நாள் உள்ள மாதங்களை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். வங்கி நாள் கணக்கில் வட்டி போடுவதால் பிப்ரவரி வட்டியும் மார்ச் வட்டியும் எப்படியும் வேறாகத்தான் இருக்கும். ஒன்றரை லட்சம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும் முதல் வருடத்தில், அக்டோபர் வட்டி 1,274 ரூபாய் என்றால் டிசம்பரிலும் 1,274, ஜனவரியிலும் 1,274, அடுத்த ஜூலையிலும் 1,274தான் இருக்க வேண்டும். வட்டி விகிதம் மாறாமலும் புதிதாகப் பணம் போகாமலும் இருக்கிறபோது இந்தத் தொகை மாதத்துக்கு மாதம் பத்து ரூபாய் பதினோரு ரூபாய் என்று ஏறி, ஜூலையில் 1,390ஐத் தாண்டுகிறது என்றால், வட்டிக்கு வட்டி ஓடுகிறது என்று அர்த்தம்.

பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. மாதாமாதம் கூட்டுவட்டி போட்டால் நம்முடைய அதே ஆறு லட்சம் அறுபது மாத முடிவில் 8,10,000ஆக நிற்காமல் 8,55,000ஐத் தாண்டிவிடும். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம், அதுவும் அசலோடு சேரப்போகிற வித்தியாசம். மாதிரித் திட்டத்தைப் பின்பற்றும் வங்கியில் இப்படி இருந்தால், கிளைக்கு எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் வாங்கியவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தே ஆக வேண்டும். அங்கே படிப்புக் காலத்திலேயே வட்டி முழுவதையுமோ ஒரு பகுதியையோ கட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு, சேரும் வட்டியைக் கணக்கிடும் முறையும் அவர்கள் எழுதியபடிதான்.

சரி, படிக்கும்போதே வட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால்? மாதிரித் திட்டத்தில் இது கட்டாயம் இல்லை, விருப்பம். முதல் வருடம் மாதம் 1,250 என்பது பல குடும்பங்களுக்கு முடிகிற தொகைதான். அப்படிக் கட்டி வருகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் சலுகை தரலாம் என்றும் திட்டம் சொல்கிறது. நம் கணக்கில் ஒரு சதவீதம் என்றால் அறுபது மாதத்துக்கு 21,000 ரூபாய். தொடர்ந்து தவறாமல் கட்டினால்தான் சலுகை. இரண்டு மாதம் கட்டி மூன்று மாதம் விட்டால் கிடைக்காது. கடன் வாங்கும்போதே அனுமதிக் கடிதத்தில் இந்தச் சலுகை எழுதப்பட்டிருக்கிறதா, படிப்புக் காலத்துக்கு மட்டுமா அல்லது கடன் முடியும்வரையா என்று கேட்டுவிட வேண்டும். வங்கிக்கு வங்கி இது வேறுபடும்.

இங்கே மேனேஜர்கள் பொதுவாகச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. தனிவட்டிக் காலத்தில் குவியும் வட்டிக்கு வட்டி இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அப்படியானால் சலுகை எதுவும் இல்லாத ஒரு கடனில், வட்டியை முதல் மாதமே கட்டினாலும் ஐந்து வருடம் கழித்து அசலோடு சேர்வதற்கு முந்தைய நாள் மொத்தமாகக் கட்டினாலும் வங்கிக்குப் போவது அதே 2,10,000தான். முன்கூட்டிக் கட்டியதால் ஒரு பைசாகூடக் குறையாது. அந்தப் பணத்தை வங்கிக்குக் கட்டாமல் மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டு வந்தால், ஆறரை சதவீத வட்டி என்றால்கூட இருபத்தாறாயிரத்துக்குக் குறையாமல் நமக்கு வட்டி கிடைத்திருக்கும். அந்த நாளுக்கு முன்னால் ஆர்.டி.யை முடித்து மொத்தமாகக் கட்டிவிடலாம்.

கணக்கு இப்படிச் சொல்கிறது. அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. ஆர்.டி. முதிரும் வருடத்தில்தான் வீட்டில் ஒரு கல்யாணமோ கூரை ஒழுகலோ வந்து சேரும். ஒரு சதவீதச் சலுகை எழுத்தில் இருக்கிறது என்றால் மாதாமாதம் கட்டுவதே நல்லது என்று நான் சொல்வேன். 21,000க்கும் 26,000க்கும் இடையில் பெரிய தூரமில்லை. சலுகை இல்லை, வீட்டில் சேமித்த பணத்தைத் தொடாமல் இருக்கும் பழக்கம் இருக்கிறது என்றால் ஆர்.டி. ஒன்றே ஒன்று: இந்த யோசனை தனிவட்டிக் கடனுக்கு மட்டும். கூட்டுவட்டி ஓடும் கடனில் வட்டியைக் குவிய விட்டு ஆர்.டி. போடுவது நஷ்டம்.

இனி ஏறி இறங்கும் வட்டி விகிதம். வங்கிக் கல்விக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான் வருகின்றன. பல கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2020 இறுதியில் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ரெப்போ 4 சதவீதம். 2022 மே மாதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குப் போய்விட்டது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம்.

வீட்டுக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு இது உடனே உறைத்தது. தவணை ஏறியது, அல்லது தவணைகளின் எண்ணிக்கை நீண்டது; குறுஞ்செய்தி வந்தது, பேசிக்கொண்டார்கள். கல்விக் கடனில் மாரடோரியத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் கட்டும் தொகை பூஜ்யம், பூஜ்யம் ஏறாது. ஆனால் பக்கத்தில் குவியும் வட்டி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. நம் கணக்கிலேயே கடைசி மூன்று வருடம் வட்டி ஒரு சதவீதம் கூடியிருந்தால் குவியலில் 16,500 ரூபாய் கூடியிருக்கும். அது முதன்முதலாகக் கண்ணில் படுவது, அந்த அம்மா கொண்டுவந்தது போன்ற ஒரு கடிதத்தில்தான். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது, ஆகஸ்டில் கட்டணத்துக்குப் பணம் விடுவிக்கச் சொல்லி வங்கிக்குப் போகும் அன்றே, இப்போது வட்டி எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது கஷ்டமில்லை.

இந்தக் குவியலை முழுக்க அரசே கட்டிவிடும் ஏற்பாடும் ஒன்று இருக்கிறது. 2009-10 கல்வியாண்டிலிருந்து நடக்கும் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் அது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகள் படிக்கும் மாணவர்களுக்கு, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் சேரும் வட்டி முழுவதும் மானியம். பத்து லட்சம் வரையிலான கடனுக்கு. இது கிடைத்த வீட்டில் அந்த நாள் வரும்போது குவியல் காலியாக இருக்கும். ஆறு லட்சம் வாங்கியவர் ஆறு லட்சத்துக்கே தவணை கட்டத் தொடங்குவார். மாதம் 2,775 மிச்சம் என்பது இங்கேதான்.

நடத்துனர் குடும்பத்துக்கு இது கிடைக்கவில்லை. சம்பளம் நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, மாரடோரியக் காலத்தில் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. நம் கணக்கில் போட்டால் 2,10,000இல் 63,000 ரூபாய். ஆனால் தரவரிசையில் மேலே இருக்கும், அரசு பட்டியலிட்ட கல்லூரிகளுக்கு மட்டும்தான். வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்பும் உண்டு. மகன் படித்ததோ அதற்கு முன்னால்.

மானியம் கிடைக்கும் தகுதி இருந்தும் நழுவவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கி வங்கியில் கொடுக்காமலே இருந்துவிடுவார்கள். அல்லது கொடுத்திருப்பார்கள், வங்கி அந்த வருடத்துக்கான கோரிக்கையை அனுப்பாமல் விட்டிருக்கும். படிப்பை நடுவில் நிறுத்திவிட்டாலோ கல்லூரி வெளியேற்றிவிட்டாலோ மானியம் போய்விடும். உடல்நலக் காரணம் என்றால் விலக்கு உண்டு. மானியம் வந்ததா என்பதை ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிடலாம். அது தனி வரவாகப் பதிந்திருக்கும். வட்டி மாதாமாதம் பற்றாகிக்கொண்டே போகிறது, வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்றால் மானியம் வரவில்லை. இதை அசலோடு சேர்வதற்கு முன்பே கவனித்துக் கேட்டுவிட வேண்டும். பிறகு வந்தாலும் கழித்துக்கொள்வார்கள்தான், ஆனால் நடுவில் அந்தத் தொகைக்கு ஓடிய வட்டியைத் திரும்பப் போடச் சொல்லி நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

அந்த அம்மா வந்தது ஜூன் மாதம். தவணை ஆகஸ்டில். கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தயங்கிவிட்டு, "சீட்டு ஒண்ணு ஜூலையில முடியுது சார். ஒரு லட்சம் வரும். பையனுக்கு வண்டி வாங்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார்.

ஒரு லட்சத்தை அந்த நாளுக்குள் கட்டினால் குவியல் 1,10,000ஆகக் குறையும். அசல் 7,10,000. புதுத் தவணை பத்து வருடத்துக்கு மாதம் 9,383. கடிதத்தில் இருந்ததைவிட 1,321 குறைவு. இல்லையென்றால் தவணையைக் குறைக்காமல் அதே 10,704ஐக் கட்டலாம். அப்படிக் கட்டினால் நூற்று இருபதாவது மாதத்துக்குப் பதிலாகத் தொண்ணூற்றேழாவது மாதத்திலேயே கடன் முடிந்துவிடும். இருபத்து மூன்று தவணை, அதாவது ஏறக்குறைய 2,46,000 ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

"பையன் சம்பளம் எவ்வளவும்மா?"

"கைக்கு இருபத்தி ரெண்டு வருது சார். ரூம் வாடகை, சாப்பாடு போக..."

அவர்களால் 10,704 கட்டுவது கடினம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கோ இருபத்து மூன்று மாதம் முன்னால் முடிகிறது என்பதை விட மனமில்லை. மாதம் இரண்டாயிரம் அப்பா போடுவார் என்று முடிவுசெய்தார்கள். வண்டி தள்ளிப்போனது.

வங்கிக்குப் போகும்போது இரண்டு விஷயம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கட்டுகிற ஒரு லட்சம் சேர்ந்திருக்கும் வட்டிக்கு வரவு வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. தவணை அட்டவணையை 7,10,000க்குப் புதிதாகப் போட்டு, மாதத் தவணை 10,704 என்றும் தவணைகளின் எண்ணிக்கை 97 என்றும் குறித்துத் தர வேண்டும் என்பது இன்னொன்று. பழைய அட்டவணை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. எழுதிக் கேட்காவிட்டால், மாற்றத்தைப் பதிவுசெய்யாமல் அப்படியே விட்டுவிடுவதும், பிறகு சின்னத் தொகையை நூற்று இருபது மாதத்துக்கு நீட்டி எடுப்பதும் நடக்கும்.

ஜூலை கடைசி வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். புது அட்டவணையின் கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினார். கடைசி வரியில் வரிசை எண் 97. அந்தத் தவணை மட்டும் மற்றவற்றைவிடச் சில நூறு ரூபாய் குறைவாக இருந்தது. "இது தப்பா சார்?" என்றார். தப்பில்லை, கடைசித் தவணை மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் என்றேன். தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.